300 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கலாம்? போலரைஸ்டா, பிரமிடலா?

வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்தான் ஓட முடியும்னா, அதுல எவ்வளவு நேரம் மெதுவா ஓடணும், எவ்வளவு நேரம் மூச்சு வாங்க ஓடணும்? இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது என் சித்தப்பா. குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர், வயசு 43. கொழுந்து அதிகமா வர்ற மாசங்கள்ல நைட் ஷிஃப்ட் வேற இருக்கும். செவ்வாய், வியாழன், சனி தலா ஒரு மணி நேரம், ஞாயிறு ரெண்டு மணி நேரம், ஆக மொத்தம் 300 நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டா சித்தி விடமாட்டாங்க. போன வருஷம் கோயம்புத்தூர்ல 10 கிலோமீட்டரை 58 நிமிஷத்துல முடிச்சார். இந்த டிசம்பர்ல 55-க்குள்ள வரணும்னு ஆசை. ஆனா நாலு மாசமா டைம் அசையவே இல்லை. கூட ஓடுற ஒருத்தர் "போலரைஸ்டு பண்ணுங்க" என்கிறார். இன்னொருத்தர் "பிரமிடு மாதிரி பண்ணுங்க" என்கிறார். "ரெண்டுல எதுடா?" என்று போன்ல கேட்டார்.

முதல்ல இந்த ரெண்டு சொல்லுக்கும் அர்த்தம் பார்த்துடலாம். ஓட்டத்தோட தீவிரத்தை மூணு ஸோனாப் பிரிப்பாங்க. பிரிக்கிற கோடுகள் ரெண்டு. மெதுவா ஓடிட்டு இருக்கிற ஒருத்தர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, ஒரு இடத்துல ரத்தத்துல லாக்டேட் அளவு லேசா ஏற ஆரம்பிக்கும். அது முதல் த்ரெஷோல்ட். அதுக்குக் கீழே இருக்கிறது ஸோன் 1. முழு வாக்கியமாப் பேசிக்கிட்டே ஓடலாம். இன்னும் ஏத்தினா, லாக்டேட் ஒரு அளவுல நிக்காம ஏறிக்கிட்டே போற இடம் வரும். அது ரெண்டாவது த்ரெஷோல்ட். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஸோன் 2. இங்கே நாலஞ்சு வார்த்தைதான் பேச வரும், ஆனா பிடிச்சு நின்னா ரொம்ப நேரம் ஓடலாம். மேலே இருக்கிறது ஸோன் 3. அங்கே பேச்சே கிடையாது, ரொம்ப நேரம் தாங்காது.

போலரைஸ்டு என்றால் நேரத்தை ரெண்டு ஓரத்துல குவிக்கிறது. 80 சதவீதம் ஸோன் 1, மீதி பெரும்பாலும் ஸோன் 3, நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. பிரமிடல் என்றால் அடி அகலமா ஸோன் 1, அதைவிடக் குறைவா ஸோன் 2, உச்சியில் ரொம்பக் கொஞ்சமா ஸோன் 3. ரெண்டுலயும் அடித்தளம் ஒண்ணுதான். சண்டை எல்லாமே மீதி 20 சதவீதத்துக்குத்தான்.

எதை எண்ணுறோம்?

எஞ்சினியரிங் பசங்க நமக்கு யூனிட் தப்பினா எல்லாமே தப்பும்னு தெரியும். இந்த விஷயத்துல பெரும்பாலான குழப்பம் யூனிட்டால வர்றதுதான். போலரைஸ்டு என்ற எண்ணத்தைப் பிரபலமாக்கினவர் நார்வேயில் வேலை பார்க்கும் ஸ்டீஃபன் சைலர். அவரும் சேர்லாண்ட் என்பவரும் 2006-ல வெளியிட்ட ஆய்வுல, நார்வேயோட இளம் ஸ்கீ வீரர்கள் எப்படிப் பயிற்சி பண்றாங்கன்னு பதிவு பண்ணாங்க. ஒவ்வொரு செஷனையும் அதோட நோக்கத்தை வச்சு எண்ணினா, முக்கால் பங்கு செஷன் ஈஸி, 17 சதவீதம் கடினம், நடுவுல 8 சதவீதம்தான். அழகான போலரைஸ்டு வடிவம். அதே பயிற்சியை ஹார்ட் ரேட் மானிட்டர்ல நிமிஷ நிமிஷமா எண்ணினப்போ வந்தது சுமார் 91, 6, 3. அதாவது பிரமிடு! ஆள் அதே ஆள், ஓட்டம் அதே ஓட்டம். எண்ணின விதம் மாறினதும் பேரும் மாறிடுச்சு.

ஏன் இப்படி? ஒரு இன்டர்வெல் நாளை எடுத்துக்கங்க. நாலு நிமிஷம் வேகமா, மூணு நிமிஷம் மெதுவா, இப்படி நாலு தடவை. வார்ம்-அப், கூல்-டவுன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். செஷனா எண்ணினா இது 60 நிமிஷக் கடின நாள். நிமிஷமா எண்ணினா கடினம் வெறும் 16 நிமிஷம். அதுலயும் ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ ஹார்ட் ரேட் மேலே ஏறவே எடுத்துக்கும். அதனால வாட்ச் காட்டுற ஸோன் 3 இன்னும் குறையும். யாராவது "நான் 80-20 ஓடுறேன்" என்று சொன்னா, செஷனா நிமிஷமான்னு கேட்கணும். பெரும்பாலும் அவங்களுக்கே தெரியாது.

இன்னொரு ஆய்வையும் பார்க்கலாம். ஸ்பெயினில் எஸ்தேவே-லானாவோ குழு 2007-ல வெளியிட்டது. நல்லா ஓடக்கூடிய 12 பேரை ரெண்டா பிரிச்சு அஞ்சு மாசம் பயிற்சி கொடுத்தாங்க. ஒரு குழு 80 சதவீத நேரம் ஸோன் 1-ல, இன்னொன்று சுமார் 67 சதவீதம். கடின ஸோன் 3 ரெண்டு குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஈஸி அதிகமா ஓடின குழு 10.4 கிலோமீட்டர் ஓட்டத்துல அதிகமா முன்னேறுச்சு. இதை "போலரைஸ்டு ஜெயிச்சது" என்று நிறைய இடத்துல எழுதறாங்க. ஆனா ஜெயிச்ச குழுவோட பங்கு சுமார் 80, 12, 8. நடு ஸோன் மேல் ஸோனைவிட அதிகம், அதனால இதுவும் பிரமிடுதான்! தோத்தது நடு ஸோன்ல ரொம்ப நேரம் போன குழு.

2014-ல முன்யோஸ் குழு, நம்மை மாதிரி பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் 30 பேரை வச்சு 10 வாரம் பண்ண ஆய்வுலயும் இதே கதை. ஒரு பக்கம் போலரைஸ்டு, எதிர்ப்பக்கம் 35 சதவீதம் நடு ஸோன் வச்ச திட்டம். 10 கிலோமீட்டர் டைம் முதல் குழுவுக்கு 5 சதவீதம், அடுத்த குழுவுக்கு 3.6 சதவீதம் குறைஞ்சது. ஆனா அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்குல உறுதியா நிக்கலை. இந்த ரெண்டு ஆய்வுலயும் போலரைஸ்டும் ஒழுங்கான பிரமிடும் நேருக்கு நேர் மோதவே இல்லை என்பதைக் கவனிங்க.

300-ல 20 சதவீதம்

இப்போ சித்தப்பா கணக்குக்கு வரலாம். 300-ல 20 சதவீதம் 60 நிமிஷம். போலரைஸ்டை நிமிஷத்துல எடுத்துக்கிட்டா, வாரத்துக்கு 60 நிமிஷம் ஸோன் 3. நாலு நிமிஷ இன்டர்வெல்லா மாத்தினா 15. நாலு நாள்ல 15 இன்டர்வெல்! நைட் ஷிஃப்ட் பார்க்கிற 43 வயசுக்காரர் ரெண்டாவது வாரமே படுத்துடுவார். சரி, செஷனா எடுத்துக்கலாம். நாலு நாள்ல ஒரு நாள் கடினம், அது 25 சதவீதம். ஆனா நிமிஷக் கணக்குல 16 நிமிஷம் கடினம், 284 நிமிஷம் ஈஸி. வாரத்துக்கு 15 மணி நேரம் பயிற்சி பண்றவங்களுக்கு அந்த ஈஸி நேரமே பெரிய சுமை, உடம்பு அதுலேயே மாறும். ஏற்கெனவே பல வருஷமா ஓடுற ஒருத்தருக்கு 284 நிமிஷ ஈஸி பழைய தகுதியைக் காப்பாத்தும், தள்ளி விடாது. ஆக அஞ்சு மணி நேரத்துல போலரைஸ்டு ஒண்ணு ரொம்பக் கனமா இருக்கு, இல்லேன்னா ரொம்ப லேசா இருக்கு. நடுவுல ரெண்டு இன்டர்வெல் நாள் வைக்கலாம். அப்போ நாலு நாள்ல பாதி நாள் கடினம். கொஞ்ச வாரத்துக்குத் தாங்கும், மாசக்கணக்குல தாங்காது.

ஸோன் 2 இங்கேதான் உதவுது. அதுல 20, 25 நிமிஷம் ஓடினா உடம்புக்கு நல்ல தூண்டுதல் கிடைக்கும். ஆனா அடுத்த நாளைக் கெடுக்கிற அளவுக்குக் களைப்பு வராது. நேரம் கம்மியா இருக்கிறவங்களுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் லாபமான இடம் அதுதான்.

இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, இதை யாரும் அதிகமாச் சொல்றதில்லை. உலகத்தர வீரர் 10 கிலோமீட்டரை 27 நிமிஷத்துல ஓடுவார். அது ரெண்டாவது த்ரெஷோல்டுக்கு மேலே, ஸோன் 3. சித்தப்பாவுக்கு அதே தூரம் 55, 58 நிமிஷம். ரெண்டாவது த்ரெஷோல்ட் என்பதே ஒருத்தர் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்துக்குப் பக்கத்துல இருக்கிறது. அதாவது அவரோட ரேஸே ஸோன் 2-வோட மேல் விளிம்புல நடக்குது. ரேஸ் நடக்கிற ஸோனையே பயிற்சியில் காலியா விடச் சொல்ற திட்டம் அவருக்கு எப்படிப் பொருந்தும்?

அதனால என் பதில் பிரமிடல். ஆனா மலையில் அதைச் செய்றதுக்கு ஒரு தடை இருக்கு.

மலை சேர்க்கிற கணக்கு

ஊட்டியில் இந்திய அணியின் நீண்டதூர ஓட்ட முகாம்கள் நடந்திருக்கு. பெலாரஸ் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரேவ் கிட்ட லலிதா பாபர், சுதா சிங், ஓ.பி. ஜெய்ஷா எல்லாரும் அங்கே ஓடியிருக்காங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் ஸ்டீபிள்சேஸ் ஃபைனலில் லலிதா 10-வது இடம். அவங்க வர்றது உயரத்துக்காக. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆனா முழு நேர வீரருக்கு ஓடி முடிச்சதும் தூக்கம்தான் அடுத்த வேலை. சித்தப்பாவுக்கு அடுத்த வேலை ஃபேக்டரி. அவங்க முகாம் அட்டவணையைக் காப்பி அடிக்கிறதுல அர்த்தமே இல்லை.

மலையில் அவருக்கு உண்மையான பிரச்சினை சரிவு. இத்தாலியில் மினெட்டி குழு 2002-ல அளந்த கணக்குப்படி, 5 சதவீத ஏற்றத்துல ஒரு மீட்டர் ஓடுறதுக்குச் சமதளத்தைவிட சுமார் 30 சதவீதம் அதிக சக்தி வேணும். 10 சதவீத ஏற்றத்துல சுமார் 65 சதவீதம் அதிகம். சித்தப்பாவோட ஈஸி வேகம் சமதளத்துல கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 30 விநாடி. அதே உழைப்புல 5 சதவீத ஏற்றம் ஏறணும்னா கிலோமீட்டருக்கு சுமார் 8 நிமிஷம் 27 விநாடி ஆகணும். 10 சதவீதத்துல சுமார் 10 நிமிஷம் 45 விநாடி. அது ஓட்டமே இல்லை, வேகமான நடை! குன்னூர்லேர்ந்து லேம்ப்ஸ் ராக் போற ரோடு, எஸ்டேட் உள்ளே போற மண் ரோடு எதுலயும் இந்த மாதிரி ஏற்றம் வராம ஒரு மணி நேரம் ஓட முடியாது. அங்கே "ஈஸியா ஓடினேன்" என்று சொல்ற எல்லாருமே ஏற்றத்துல ஸோன் 2-க்குப் போயிட்டு வந்தவங்கதான்.

சித்தப்பா வாட்ச்லேர்ந்து நாலு வாரப் பதிவை எடுத்தோம். அதுக்கு முன்னாடி கோடுகளைக் கண்டுபிடிக்கணும். ரெண்டாவது த்ரெஷோல்டுக்கு லேப் வேண்டாம். நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு, 30 நிமிஷம் தனியா, சீரா, முடிஞ்ச அளவு வேகமா ஓடி, கடைசி 20 நிமிஷத்தோட சராசரி ஹார்ட் ரேட்டை எடுத்தா போதும். அவருக்கு 164 வந்தது. முதல் த்ரெஷோல்டுக்குப் பேச்சுச் சோதனை. ஏறிக்கிட்டே போன்ல என்கிட்ட பேசினார், வாக்கியம் உடைய ஆரம்பிச்ச இடம் 142. இந்த டெஸ்ட்டை வழக்கமா ஓடுற உயரத்துலேயே பண்ணணும். கோயம்புத்தூர்ல கண்டுபிடிச்ச வேகத்தைக் குன்னூருக்கு எடுத்துட்டு வந்தா, ஈஸி நாளெல்லாம் நடு ஸோனுக்கு ஏறிடும்.

பதிவுல ஒரு சராசரி வாரம்: ஸோன் 1-ல 118 நிமிஷம், ஸோன் 2-ல 155, ஸோன் 3-ல 27. சதவீதத்துல 39, 52, 9. போலரைஸ்டும் இல்லை, பிரமிடும் இல்லை, நடுவுல தொப்பை போட்ட வடிவம். ஆய்வுகள்ல பின்தங்கின குழுக்களோட வடிவம் இந்தப் பக்கம்தான் சாயுது. நாலு மாசம் டைம் அசையாததுக்கு இதுவே போதும். எந்த வடிவம்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி அந்த 155-ஐக் குறைக்கணும்.

"அப்போ ஏத்தத்துல நடக்கணும்னு சொல்றியா? நடக்கறதுக்கா டேய் ஏழாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினேன்?"

"சித்தப்பா, ஈஸி நாள்ல மட்டும். 142 தாண்டினா நடங்க, 135-க்கு வந்ததும் ஓடுங்க. வேகத்தைப் பார்க்காதீங்க."

முதல் ரெண்டு வாரம் கடுப்பாத்தான் இருந்தார். எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற அக்காங்க வேற "என்ன சார், கால் வலியா?" என்று கேட்டிருக்காங்க.

இப்போ அவர் ஓடுற வாரம் இப்படி. செவ்வாய்க்கிழமை, கிடைச்சதுல சமமான ரோட்டுல, வார்ம்-அப்புக்கு அப்புறம் எட்டு நிமிஷம் வீதம் மூணு தடவை, ஹார்ட் ரேட் 155-லேர்ந்து 163-க்குள்ள, நடுவுல ரெண்டு நிமிஷம் மெதுவா. வியாழன் முழுக்க ஈஸி. சனிக்கிழமைதான் மலை நமக்கு உதவற நாள். ஆறேழு சதவீத ஏற்றத்துல மூணு நிமிஷம் வேகமா ஏறி, நடந்து இறங்கி, அஞ்சு தடவை. ஏற்றத்துல வேகம் குறைவா இருக்கும்போதே ஸோன் 3 வந்துடும், அதனால காலுக்கு அடி குறைவு. ஞாயிறு ரெண்டு மணி நேரம், அதுல கடைசிக்கு முன்னாடி 20 நிமிஷம் மட்டும் ஸோன் 2. நிமிஷத்துல கூட்டிப் பாருங்க: ஸோன் 2 44, ஸோன் 3 15, மீதி 241 ஈஸி. 80, 15, 5. நைட் ஷிஃப்ட் வாரத்துல சனிக்கிழமை ஏற்றத்தைத்தான் முதல்ல வெட்டுவோம், செவ்வாயைத் தொட மாட்டோம்.

காலையில் இருட்டோட கிளம்புற பழக்கத்தையும் மாத்தினார். அதுக்கும் ஸோனுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. எஸ்டேட் ரோட்டுல விடியறதுக்கு முன்னாடி காட்டெருமையோ கரடியோ நிக்கலாம். அந்தப் பயத்துல ஹார்ட் ரேட் 150 காட்டினா அது என்ன ஸோன்?

சரியாப் போகுதான்னு எப்படித் தெரியும்? ரெண்டு விஷயம் பார்க்கிறோம். செவ்வாய்க்கிழமை மூணாவது எட்டு நிமிஷத்துல, முதல் எட்டு நிமிஷ வேகத்தை வச்சுக்கிட்டே ஹார்ட் ரேட் 164-ஐத் தாண்டாம இருக்கணும். தாண்டினா ஒண்ணு வேகம் அதிகம், இல்லை முந்தின ஞாயிறு சரியா ஆறலை. அடுத்தது, வியாழக்கிழமை ஒரே ரூட். 142-க்குக் கீழேயே அந்த ரூட் எவ்வளவு நேரம் எடுக்குது? ஆரம்பத்துல 60 நிமிஷம் எடுத்த ரூட் ஒன்பதாவது வாரம் 56-ல முடிஞ்சது, நடக்கிற இடமும் குறைஞ்சது. இது பிரமிடால வந்ததா, தொப்பை கரைஞ்சதால வந்ததான்னு ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. ரெண்டாவதுதான் பெரிய பங்குன்னு என் ஊகம்.

இந்தக் கணக்குல ஒரு ஓட்டையும் இருக்கு. இறக்கத்துல ஹார்ட் ரேட் 125 காட்டும், வாட்ச் அதை ஸோன் 1-ல போட்டுடும். ஆனா இறக்கத்துல தொடைத் தசை நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது. ரெண்டு நாள் படிக்கட்டு இறங்க முடியாத வலி அதுலதான் வரும். லேம்ப்ஸ் ராக்லேர்ந்து வேகமா இறங்கின ஞாயிறு, வாட்ச்சுக்கு ஈஸி, தொடைக்கு இல்லை. அதனால நீண்ட இறக்கம் வந்த வாரத்துல சனிக்கிழமை அஞ்சு ஏற்றத்தை மூணா குறைக்கிறார்.

இனி இருக்கிறது அஞ்சு வாரம். இங்கே போலரைஸ்டுக்கு ஒரு இடம் கொடுத்திருக்கோம். இத்தாலியில் ஃபிலிப்பாஸ் குழு 2022-ல வெளியிட்ட ஆய்வுல, நல்ல பயிற்சி உள்ள 60 ஆண் ஓட்டக்காரர்களை நாலு குழுவாப் பிரிச்சு 16 வாரம் ஓட வச்சாங்க. முதல் எட்டு வாரம் பிரமிடல், அடுத்த எட்டு வாரம் போலரைஸ்டு என்று மாறின குழு 5 கிலோமீட்டர் டைம்ல மத்தவங்களைவிட நல்லா முன்னேறுச்சு. வித்தியாசம் சின்னதுதான், அவங்க நம்மைவிட அதிகம் ஓடுறவங்களும்கூட. ஆனா வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால கடைசி அஞ்சு வாரத்துல முதல் மூணு வாரம் ஞாயிறோட 20 நிமிஷ ஸோன் 2-வை எடுத்துட்டு, சனிக்கிழமையை நாலு நிமிஷம் வீதம் நாலு தடவையா மாத்துறோம். செவ்வாய் அப்படியே இருக்கும், ஏன்னா அதுதான் அவரோட ரேஸ் வேகம். முழு போலரைஸ்டு இல்லை, அந்தப் பக்கம் ஒரு அடி.

அந்த மூணு சனிக்கிழமையில் ஒண்ணை அவர் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்து சமதளத்துல ஓடப் போறார். குன்னூர்ல 163 ஹார்ட் ரேட்டுக்கு வர்ற வேகம் கீழே காத்து அடர்த்தியா இருக்கிறதால கொஞ்சம் கூடும், ஆனா வெயில் அதைப் பாதி தின்னுடும். 55 நிமிஷம்னா கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 30 விநாடி. அந்த வேகத்துல மூணாவது நாலு நிமிஷம் முடியும்போது வாட்ச் என்ன காட்டுதுன்னு எனக்கு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன். 170-க்கு மேல இருந்தா டார்கெட்டை 56-ன்னு மாத்திக்குவோம்.